பாலிமயால்ஜியா ருமேட்டிகா: நோயைக் கண்டறிவது முதல் ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்துவது வரை

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு, பெரும்பாலும் எழுபதை ஒட்டியவருக்கு, சில நாட்களிலோ இரண்டு வாரங்களுக்குள்ளோ இரண்டு தோள்களும் ஒருசேர வலிக்கத் தொடங்குகின்றன. கழுத்து, இடுப்பு, தொடை என்று வலி பரவுகிறது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கே அரை மணி நேரம் ஆகிறது. தலை வார, ரவிக்கை கொக்கி மாட்ட, மேல் அலமாரியில் டப்பாவை எடுக்கக் கை உயரவில்லை. பகல் ஏற ஏறக் கொஞ்சம் இளகுகிறது, இரவில் புரண்டு படுக்கும்போது மறுபடி உயிர் போகிறது. பாலிமயால்ஜியா ருமேட்டிகா பெரும்பாலும் இப்படித்தான் வரும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக பி.எம்.ஆர். என்பார்கள்.

ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அங்கிருந்து குடியேறியவர்கள் நிறைந்த அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் இது மிகுதி. இந்தியர்களிடம் குறைவு. குறைவாக இருப்பதாலேயே இங்கே இது யாருக்கும் சட்டென நினைவுக்கு வருவதில்லை. ‘வயசானா வலிக்கத்தான் செய்யும்’ என்ற பதிலோடும் ஒரு வலி ஊசியோடும் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மருந்து தொடங்கினால் வலி வேகமாகப் போய்விடும். சிரமம் அதற்குப் பிறகுதான்: ஸ்டீராய்டை எவ்வளவு மெதுவாகக் குறைப்பது, குறைக்கும்போது வலி திரும்பினால் அது எதனால் என்று எப்படிப் பிரித்தறிவது, கண்ணைப் பறிக்கக்கூடிய ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் இடையில் தலைகாட்டுகிறதா என்று எப்படிக் கவனிப்பது. இந்த வழிகாட்டியில் அதிக இடம் அதற்குத்தான். அளவுகளை மாற்றும் முடிவு மட்டும் எப்போதும் சிகிச்சை தரும் மருத்துவரோடு சேர்ந்து எடுக்கவேண்டியது.

முதல் படி: இது பி.எம்.ஆர். தானா?

இந்த நோயை உறுதி செய்ய ஒற்றைப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. நோயாளி சொல்லும் கதை, ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளம், வேறு நோய் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முடிவுக்கு வரமுடியும்.

கதையில் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. 45 நிமிடத்துக்கு மேல் என்றால் அழற்சி நோயின் பக்கம் சாய்கிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் பார்க்கவேண்டும். ஈ.எஸ்.ஆர். வயதாலும் ரத்தசோகையாலும் கூட ஏறும் என்பதால் சி.ஆர்.பி. யின் சொல்லுக்கு எடை அதிகம். இரண்டுமே இயல்பாக இருந்தும் பி.எம்.ஆர். இருப்பது அபூர்வம், அப்போது வேறு காரணங்களை இன்னும் தீவிரமாகத் தேடவேண்டும்.

இந்த நோயில் தசை கெடுவதில்லை. வீக்கம் இருப்பது தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றியுள்ள நீர்ப்பைகளிலும் தசைநாண் உறைகளிலும். தோளை அல்ட்ராசவுண்டு செய்து பார்த்தால் இது தெரியும். ஆகவே கையைத் தூக்க முடியாமல் போவதற்குக் காரணம் வலியே, பலவீனம் அல்ல. வலியைப் பொறுத்துக்கொண்டு முயன்றால் பலம் இருப்பது தெரியும். உண்மையிலேயே பலம் குறைந்திருந்தாலோ சி.பி.கே. என்ற தசை நொதி ஏறியிருந்தாலோ அது தசை அழற்சியாகவோ கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் பக்க விளைவாகவோ இருக்கலாம்.

நம் ஊரில் அடிக்கடி குழப்பம் தருவது சர்க்கரை நோயாளிகளின் உறைந்த தோள். அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், நாள் முழுவதும் இறுக்கமாகவே இருக்கும், இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் தோள் வெளிப்பக்கமாகச் சுழலாது, சி.ஆர்.பி. இயல்பாக இருக்கும். சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய வலி காய்ச்சலைத் தொடர்ந்து வரும். கைவிரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவையும் சேர்ந்து வீங்கும். முதுமையில் தொடங்கும் முடக்குவாதம் முதல் சில மாதங்கள் பி.எம்.ஆர். போலவே வேடம் போடும். அதற்காகத்தான் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பார்க்கப்படுகின்றன. இவற்றோடு தைராய்டு, கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி, முழு ரத்த எண்ணிக்கை, எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கான புரத எலக்ட்ரோபோரசிஸ் ஆகியவையும் முதல் பட்டியலில் இருக்கட்டும். தொடர்ந்த காய்ச்சலும் பெரிய அளவு எடைக்குறைவும் இருந்தால் காசநோய், இதய வால்வில் தொற்று, புற்றுநோய் ஆகியவற்றைத் தேடாமல் ஸ்டீராய்டைத் தொடக்கூடாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் எங்கோ ஸ்டீராய்டு கலந்த வலி ஊசி போட்டிருந்தால் சி.ஆர்.பி. இறங்கிவிடும், படம் மங்கிவிடும். ஊசி போட்ட மறுநாள் மூன்று மாத வலி காணாமல் போய் ஒரு வாரத்தில் திரும்பியது என்று யாராவது சொன்னால், அந்தத் தகவலை மருத்துவரிடம் விடாமல் சொல்லவேண்டும். அதுவே ஒரு துப்பு.

மாத்திரைக்கு முன் கண்ணையும் தலையையும் பற்றிய கேள்விகள்

பி.எம்.ஆர். உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் சேர்ந்தே இருக்கிறது, அல்லது பின்னால் வருகிறது. சுருக்கமாக ஜி.சி.ஏ. நெற்றிப்பொட்டு, கண், தாடை ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கி உள்வழி அடைபடும் நோய் இது. கண் நரம்புக்குப் போகும் ரத்தம் நின்றால் பார்வை போய்விடும், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒரு கண் போனபின் சிகிச்சை தாமதமானால் மறு கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போகலாம்.

எனவே முதல் சந்திப்பிலும் அதன்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கவேண்டியவை இவை. இதற்குமுன் இல்லாத தலைவலி புதிதாக வந்திருக்கிறதா? சீப்பு படும்போதோ தலையணையில் தலை சாய்க்கும்போதோ உச்சி வலிக்கிறதா? சாப்பாட்டை மெல்ல ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தாடை வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் வலி போகிறதா? பல் வலி என்றால் கடித்த உடனே வலிக்கும். இதுவோ சப்பாத்தியையோ முறுக்கையோ சில நிமிடங்கள் மென்றபின் வருவது. ஒரு கண்ணில் திரை விழுந்தது போல் சில நிமிடங்கள் இருண்டு தெளிகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? கையை உயர்த்தி வேலை செய்தால் விரைவில் சோர்ந்து, ஓய்வில் சரியாகிறதா? கடைசியாகச் சொன்னது இருந்தால் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். வித்தியாசம் அதிகம் என்றால் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம்.

தாடை வலியும் பார்வைக் குறையும்தான் அவசரத்தின் உச்சம். சர்க்கரை நோயாளிக்குப் பார்வை மங்கினால் ‘சுகர் ஏறியிருக்கும்’, ‘புரை முற்றியிருக்கும்’ என்று கண்ணாடிக் கடையோடு நின்றுவிடுகிறார்கள். புரை திடீரென்று வராது.

ஜி.சி.ஏ. சந்தேகம் வந்த அன்றே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 முதல் 60 மி.கி. அளவில் தொடங்கவேண்டும். பார்வை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவமனையில் சேர்த்து மெத்தில்பிரட்னிசோலோன் 500 முதல் 1000 மி.கி. வரை தினமும் ரத்தநாளம் வழியாக மூன்று நாட்கள் தருவது வழக்கம். பரிசோதனைக்காகக் காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் மிகப்பெரிய தவறு. நெற்றிப்பொட்டு, அக்குள் ரத்தக்குழாய்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் குழாயைச் சுற்றிக் கருவளையம் தெரியும். ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே அந்த வளையம் மங்கத் தொடங்குவதால் ஸ்கேன் முதல் வாரத்துக்குள் நடப்பது நல்லது. பயாப்சி என்றால் இன்னும் ஓரிரு வாரம் அவகாசம் உண்டு. குறைந்தது ஒரு செ.மீ. நீளத்துக்காவது ரத்தக்குழாயை எடுக்கவேண்டும், ஏனென்றால் நோய் விட்டுவிட்டுத் தாக்கும். நல்ல பகுதி மட்டும் சிக்கினால் நோய் இல்லை என்று வந்துவிடும்.

தொடக்க அளவு

ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய்ச் சங்கங்கள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி, ஜி.சி.ஏ. இல்லாத பி.எம்.ஆருக்குப் பிரட்னிசோலோன் தினமும் 12.5 முதல் 25 மி.கி. வரை. சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண் அழுத்தம் இருப்பவருக்குக் கீழ்முனையிலிருந்து தொடங்குவார்கள். 7.5 மி.கி.யோ அதற்குக் கீழோ தொடக்கத்துக்குப் போதாது. 30 மி.கி.க்கு மேல் தேவை என்றால் நோயே வேறாக இருக்கலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாக.

15 மி.கி. எடுத்தவர் பெரும்பாலும் சில நாட்களிலேயே தானாக எழுந்து உட்காருவார். ஒரு வாரத்தில் முக்கால் பங்கு வலி குறையவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாகியும் 20, 25 மி.கி.யில் பெரிதாக மாறவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் நோய் நிர்ணயத்தைத் திரும்பப் பார்ப்பதே சரி. அதே நேரம், ஸ்டீராய்டுக்குக் கேட்டது என்பதை வைத்து மட்டும் பி.எம்.ஆர். என்று முத்திரை குத்தவும் முடியாது. முடக்குவாதமும் சில புற்றுநோய்களும் கூட முதல் வாரங்களில் நன்றாகக் கேட்கும்.

முதல் மாத்திரைக்கு முன் செய்யவேண்டியவை: மூன்று மாத சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, கண் அழுத்தம், முடிந்தால் எலும்பு அடர்த்தி. வெறுங்காலில் வயலில் வேலை செய்தவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழுவையும் நினைக்கவேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். உணவையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியமும் 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டியும் வேண்டும். எலும்பு முறியும் அபாயம் அதிகம் என்றால் வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. சேர்ப்பார்கள், வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: காலையில் எடுத்த பிரட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். காலை வெறும்வயிற்று அளவு ஒழுங்காகவே இருக்கும், அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குறைப்பது எப்படி: ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, மெட்ஃபார்மின் எடுக்கும் 68 வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். காலை விறைப்பு இரண்டு மணி நேரம், ஈ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. லிட்டருக்கு 46 மி.கி., ஜி.சி.ஏ. அறிகுறி இல்லை. 15 மி.கி. தொடங்கி, ஐந்தாம் நாள் தானே தலை வாரிக்கொள்கிறார்.

மூன்று வாரம் 15, அடுத்த மூன்று வாரம் 12.5, அதன்பின் நான்கு வாரம் 10. இந்தப் பத்து வாரங்கள் பெரும்பாலும் சுலபமாகவே போகும். 10க்குக் கீழே வழக்கமான பரிந்துரை நான்கு வாரத்துக்கு ஒரு மி.கி. என்பது. நம் ஊர் மருந்துக்கடைகள் பலவற்றில் 1 மி.கி. மாத்திரை கிடைக்காது, 5, 10 எளிதாகக் கிடைக்கும், 2.5 தேடினால் கிடைக்கும். 2.5 மாத்திரையைப் பாதியாக உடைத்தால் 1.25. ஆகவே படிகளை 8.75, 7.5, 6.25, 5, 3.75, 2.5, 1.25 என்று வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து வாரம் இருக்கலாம். ஏழு படி, 35 வாரம். முதல் பத்து வாரத்தையும் சேர்த்தால் 45 வாரம். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வருடம் என்பது இதிலிருந்து தெரியும். பலருக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். மாத்திரையின் நடுக்கோட்டில் உடைவதை மட்டுமே உடைக்கவேண்டும். குடலில் கரைவதற்காக உறை பூசிய மாத்திரையை உடைக்கக்கூடாது.

கடையில் பிரட்னிசோலோன் இல்லை என்று வேறு ஸ்டீராய்டைக் கொடுத்தால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பிரட்னிசோலோன் 5 மி.கி.க்கு ஈடாக மெத்தில்பிரட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்லாசகார்ட் 6 மி.கி. பெயர் மாறி எண் மாறாமல் போனால் தெரியாமலேயே அளவு கூடும் அல்லது குறையும். அடுத்த வாரம் வரும் வலிக்குக் காரணம் யாருக்கும் புலப்படாது.

ஒவ்வொரு படி இறங்குவதற்கு முன்னும் கவனிக்கவேண்டியது காலை விறைப்பு எத்தனை நிமிடம், கை எவ்வளவு உயர்கிறது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பவை. ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். சி.ஆர்.பி. துணைக்கு. ஆள் நன்றாக இருக்கிறார், சி.ஆர்.பி. மட்டும் லேசாக ஏறியிருக்கிறது என்றால் சளி, சிறுநீர்த் தொற்று, பல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். காகிதத்தில் ஏறிய எண்ணுக்காக ஸ்டீராய்டைக் கூட்டுவது தேவையில்லாத வேலை.

குறைக்கும்போது வலி திரும்பினால்

நம் 68 வயதுக்காரர் 6.25இல் இருக்கும்போது வலி திரும்புகிறது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது நடக்கும், பெரும்பாலும் வேகமாக இறங்கும்போது. எடுத்த எடுப்பில் 15க்குத் திரும்புவது வழக்கமான பிழை. முதலில் எதனால் என்று பிரிக்கவேண்டும்.

படி இறங்கிய முதல் சில நாட்களில் உடம்பு முழுக்க லேசான வலியும் அசதியும் வந்து, ஒரு வாரம் பத்து நாளில் தானே தணிந்தால் அது உடம்பு புதிய அளவுக்குப் பழகும் வலி. பொறுத்துக்கொள்ளலாம். அதே பழைய தோள் வலி, அதே காலை விறைப்பு நாளுக்கு நாள் கூடி, சி.ஆர்.பி.யும் ஏறினால் நோய் திரும்பியிருக்கிறது. ஒரே தோளில் வலி, விறைப்பு இல்லை, சி.ஆர்.பி. இயல்பு என்றால் தசைநாண் கிழிவோ உறைந்த தோளோ இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை.

நான்காவது காரணம் எளிதில் தவறிப்போகிறது. உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோல் ஏறக்குறைய 5 மி.கி. பிரட்னிசோலோனுக்குச் சமம். மாதக்கணக்கில் மாத்திரை எடுத்தபின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். 5க்குக் கீழே இறங்கும்போது அது விழித்துக்கொள்ளாவிட்டால் கடும் சோர்வு, குமட்டல், பசியின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவை வரும்; தோள் விறைப்பு இருக்காது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன்பாக, முந்தைய மாத்திரையிலிருந்து 24 மணி நேரம் கழித்து ரத்தக் கார்ட்டிசோல் பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி மீண்டுவிட்டது. 5க்குக் கீழ் என்றால் இப்போது நிறுத்த வேண்டாம், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். இடைப்பட்டால் குறைந்த அளவிலேயே இருந்து மறுபடி சோதிப்பார்கள்.

நம் எடுத்துக்காட்டில் விறைப்பு ஒன்றரை மணி நேரமாகிவிட்டது, சி.ஆர்.பி. 4இலிருந்து 28. தலைவலி, தாடை, கண் கேள்விகளுக்கு எல்லாம் இல்லை என்ற பதில். ஆக நோய்தான் திரும்பியிருக்கிறது. வலி இல்லாமல் இருந்த கடைசிப் படியான 7.5க்கு ஏற்றி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் திரும்ப 6.25க்கு வந்து, இந்த முறை ஒவ்வொரு படிக்கும் எட்டு வாரம் கொடுக்கிறார்கள். மறுபடி மறுபடி இப்படியே நடந்தாலோ சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போனாலோ மெத்தோட்ரெக்சேட் 7.5 முதல் 10 மி.கி. சேர்ப்பதுண்டு. அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் எடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜையையே அழித்துவிடும் என்பதால் எந்தக் கிழமை என்று மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கமுடியாத பி.எம்.ஆருக்கு அமெரிக்கா 2023இல் சாரிலுமாப் ஊசியை அனுமதித்தது.

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது ஆம் என்று வந்திருந்தால் கணக்கே வேறு. பி.எம்.ஆருக்கு எடுக்கும் 7.5 மி.கி. ஜி.சி.ஏ.விடமிருந்து கண்ணைக் காப்பாற்றாது. ‘ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறேனே’ என்ற நம்பிக்கையில் யாரும் காத்திருக்கக்கூடாது. அன்றே 40 முதல் 60 மி.கி. அங்கிருந்து இரண்டு, மூன்று மாதத்தில் 15 முதல் 20க்கும், ஒரு வருடத்தில் 5க்கும் கீழேயும் இறங்குவது இலக்கு. கூடவே வாரம் ஒருமுறை டோசிலிசுமாப் 162 மி.கி. ஊசி போட்டால் ஸ்டீராய்டை வேகமாகக் குறைக்கமுடியும். அந்த ஊசி எடுப்பவருக்கு சி.ஆர்.பி. நோய் இருந்தாலும் இயல்பாகவே காட்டும். அப்போது அறிகுறிகளும் ஸ்கேனும்தான் வழி.

காய்ச்சல், வாந்தி, வெளியூர்ப் பயணம்

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தப்படுவது மூன்று இடங்களில்: ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிடுகிறது, வாந்தியில் மாத்திரை நிற்பதில்லை, அறுவை சிகிச்சைக்குச் சேரும்போது மருந்துப்பட்டியலில் எழுத மறந்துபோகிறது. இரண்டு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வாந்தியில் மாத்திரை நிற்காமல் மயக்கம் வந்தால் மருத்துவமனையில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி வேண்டியிருக்கும். ‘நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்’ என்று எழுதிய அட்டை பர்ஸில் இருந்தால் அவசரப் பிரிவில் அது வேலையைச் செய்யும். கடும் காய்ச்சல் அன்று அளவைக் கூட்டவேண்டுமா, எவ்வளவு என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

கடைசி மாத்திரையை நிறுத்தியபின்னும் ஒரு வருடம் வரை அட்ரினல் சுரப்பி முழுதாகத் தேறாமல் இருக்கலாம் என்பதால் அந்த அட்டையை உடனே தூக்கிப் போடவேண்டாம். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் திரும்பும். நிறுத்தி ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் சி.ஆர்.பி. பாருங்கள். அதற்குமுன்பே தோள் விறைத்தால் நாள் பார்க்காமல் போய்க் காட்டலாம். தாடை வலியோ பார்வை மங்கலோ என்றால் அன்றே, இரவானாலும் அவசரப் பிரிவுக்கே.